மருந்து முடிந்து வகுப்புக்குத் திரும்பியவர்கள் இருந்தால் எழுதுங்கள்

தரம்நாலு டீச்சர்

முன்கதை இங்கே பலருக்கும் தெரிந்ததுதான், சுருக்குகிறேன். வயது 31. இடது மார்பில் புற்றுநோய். சத்திரசிகிச்சை, அதற்குப் பிறகு சிவப்பு மருந்து 3 கிழமைக்கு ஒருதரம் 4 முறை, மறுகா மற்ற மருந்து கிழமைக்கு ஒன்றாக 12. கடைசி மருந்து ஏறி இரண்டு மாதம் போனதும் இரண்டாம் தவணை தொடங்கியது, நானும் பள்ளிக்கூடம் போனேன். களுவாஞ்சிகுடியில் வீடு. குருமண்வெளித் துறைக்குப் போய் வாவியைக் கடக்கிற பாதையில் ஏறி மண்டூர்ப் பக்கம் இறங்க வேண்டும்.

தலையில் ஒரு சென்ரிமீற்றர் முடி. பாதி சாம்பல் நிறம். விக் வாங்கி வைத்திருந்தேன், வைகாசி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு துறையில் நிற்க முடியாது. சரி, வருவது வரட்டும் என்று வெறுந்தலையோடு போனேன்.

முதல் கிழமை. இடைவேளை முடிந்து கணிதம், பிரித்தல் கணக்கு. கரும்பலகையில் 84ஐ 4ஆல் பிரிக்க எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுகிற கை தானாகக் கீழே வந்துவிட்டது. தலைச்சுற்று இல்லை, நித்திரை இல்லை. உடம்பில் இருந்ததை யாரோ ஊற்றிவிட்ட மாதிரி. கதிரையில் இருந்தேன். முன் வாங்கில் இருக்கிற பெடியன் அந்த நேரம் பார்த்துக் கேட்டான்: "டீச்சர், நேர்த்திக்கு மொட்டை அடிச்சீங்களா?" மண்டூர்க் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள், அவன் அப்படிக் கேட்டதில் ஆச்சரியமே இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் பின் வாங்கில் இருந்து ஒரு பிள்ளை சொன்னாள்: "இல்லடா, அது மருந்துக்குக் கொட்டினது. எங்கட அம்மம்மாக்கும் கொட்டினது. மறுகா முளைச்சது. மறுகா அவ செத்துப் போயிட்டா."

வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. நான் "84க்குள்ள 4 எத்தனை தரம் போகும்?" என்று கேட்டேன். ஒருவன் 21 என்றான். சரி என்றேன்.

அவள் முகத்தில் பயமும் இல்லை, கவலையும் இல்லை. நடந்ததை நடந்த ஒழுங்கில் சொன்னாள், அவ்வளவுதான். அதுதான் எனக்குள் கிடக்கிறது. வீட்டில் அம்மா தொடங்கிப் பக்கத்து வீட்டு மாமி வரைக்கும் என் தலையைத் தடவிப் பார்த்து "வளந்திட்டு, இனி ஒண்டும் இல்ல" என்கிறார்கள். முடி வந்தது ஒரு கதை, ஆள் சுகமானது வேறு கதை என்று அந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

திரும்பிப் போனவர்களுக்கு இந்த இடைவேளைக்குப் பிறகு வருகிற களைப்பு எவ்வளவு காலம் இருந்தது? பிள்ளைகளுக்கு என்ன சொன்னீர்கள்?

கல்முனை ராத்தா

தங்கச்சி, நானும் டீச்சர்தான், தரம் 9க்கு வரலாறு. எனக்குத் தலை ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. முக்காட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? உள்ளே பருத்தித் துணியில் ஒரு தொப்பி தைத்துப் போட்டேன். மற்றத் துணி எல்லாம் புதுத் தோலில் முள் மாதிரிக் குத்தும்.

என்னைப் பிடித்தது புருவம். தலைமுடி கொட்டி முடிந்து, நான் கொஞ்சம் ஆறுதலாக இருந்த நேரத்தில்தான் புருவமும் இமை மயிரும் போயின. வகுப்பில் சத்தம் வந்தால் நான் கத்த மாட்டேன். ஒரு புருவத்தைத் தூக்கிப் பார்ப்பேன், அடங்கிவிடுவார்கள். பத்து வருஷமாக அப்படித்தான். திரும்பி வந்த அன்று கடைசி வரிசையில் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வழமைபோல் பார்த்தேன். அடங்கவில்லை. ஒரு பிள்ளை மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள், "மிஸ்ஸுக்கு என்ன, பயந்திட்டாவா?" புருவம் இல்லாத முகத்தில் கோபம் பயமாகத்தான் தெரியும்போல. அன்றைக்குப் பின்னேரம் கண்ணாடிக்கு முன்னால் நின்று அதே பார்வையைப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

புருவம் கெதியாக வந்துவிட்டது. ஆனால் சில மாதத்துக்குப் பிறகு திரும்பவும் கொஞ்சம் உதிர்ந்தது. அப்படி வந்தால் பயப்படாதீர்கள்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். வெறுந்தலையோடு சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் போகத்தான் வேண்டுமா? ஒரு சால்வையைப் போட்டிருந்தால் அந்தக் கேள்வியே வந்திராது.

தரம்நாலு டீச்சர்

ராத்தா, கோபம் இல்லை. ஆனால் சாரியோடு தலைக்குச் சால்வை கட்டிப் போனால் எங்கள் பக்கம் இன்னும் கூடக் கேட்பார்கள். பின் வாங்குப் பிள்ளைக்குச் சால்வையும் தெரிந்திருக்கும், அம்மம்மாவும் கட்டியிருப்பா. புருவத்தைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நன்றி.

ஓய்வுபெற்ற கணக்கு சேர்

மகள், இந்தக் களைப்பு இரத்தக் குறைவு. இதற்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. என் மனிசிக்கும் இருந்தது. அவ தையல் வகுப்பு நடத்தினவ. ஒரு நாள் ஊசியில் நூல் கோர்க்கக் கொடுத்துவிட்டு அப்படியே மேசையில் சாய்ந்துவிட்டா. பிள்ளைகள் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் போகும்போது அவ எழும்பி, "ஏன் இந்தாளைக் கூப்பிட்டீங்க?" என்று அவர்களை ஏசிக்கொண்டிருந்தா.

நீங்கள் செய்ய வேண்டியது இது. காலையில் முருங்கைக்கீரைச் சாறு. கிழமைக்கு இரண்டு தரம் ஆட்டீரல், மிளகு போட்டு. பீற்றூட். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கட்டில், வேறு பேச்சில்லை. சனி ஞாயிறு முழு ஓய்வு. கணிதத்தை முதலாம் பாடத்துக்குக் கொண்டுவாருங்கள், இடைவேளைக்குப் பிறகு சித்திரம், சுற்றாடல் என்று இருந்தபடி செய்யக்கூடியதை வையுங்கள். ஆரம்பப் பிரிவில் வகுப்பாசிரியர்தானே, நேரசூசியை மாற்ற அதிபர் ஒரு சொல் சொன்னால் போதும். ஆங்கில டீச்சர் வருகிற பாடத்தில் கொப்பி திருத்தாதீர்கள். அந்த நேரம் உங்களுக்கு. கொப்பியை வரிசை வரிசையாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு வரிசை மட்டும் திருத்துங்கள். பலகையில் தலைக்கு மேல் எழுதாதீர்கள், தோளுக்குக் கீழே எழுதினால் கை அவ்வளவு அலுக்காது. கூடுமானவரை பிள்ளைகளையே பலகையில் எழுத விடுங்கள், அவர்களுக்கும் விருப்பம்.

தலையை இன்னும் ஒருதரம் வழித்துவிடுங்கள். அப்போதுதான் அடர்த்தியாக வரும். சின்ன வெங்காயச் சாறு பூசுங்கள். 33 வருஷம் படிப்பித்தவன் சொல்கிறேன்.

நைட் டியூட்டி

சேர், நேரசூசி பற்றி நீங்கள் சொன்னதை அச்சடித்து எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் கொடுக்கலாம். மற்றதில் எனக்கு உங்களோடு சண்டை இருக்கிறது. நான் மருந்து ஏற்றுகிற வாட்டில் வேலை செய்த தாதி.

முதலில் என் கதை. ஒரு டீச்சர் வருவா, தரம்நாலு டீச்சரின் வயதுதான் இருக்கும். மருந்து ஏறுகிற நேரம் மடியில் விடைத்தாள் வைத்துத் திருத்துவா. முதல் மருந்தில் அப்படியே திருத்தினா. கிழமைக்கு ஒன்றாக ஏற்றுகிற இரண்டாவது மருந்து பாதி தாண்டியிருக்கும், ஒரு நாள் சிவப்புப் பேனை கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். திரும்ப விழுந்தது. மூன்றாம் தரம் அவவே குனிந்து எடுத்து, அதை விரலுக்குள் வைத்து உற்றுப் பார்த்தா. "மிஸ்ஸி, நான் இதப் பிடிச்சிருக்கனா இல்லையா எண்டு பாத்தாத்தான் தெரியுது" என்றா. அந்த மருந்து விரல் நுனி நரம்பைத் தொடும். சட்டைப் பொத்தான் போடுவது, சோக் பிடிப்பது, செருப்பு காலில் இருக்கிறதா என்று உணர்வது, எல்லாம் குறையும். பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும். டீச்சர், கை தானாகக் கீழே வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். விரல் மரத்திருந்ததா, அல்லது கை முழுக்கச் சோர்ந்ததா? இரண்டும் வேறு. கிளினிக்கில் இதைப் பிரித்துச் சொல்லுங்கள்.

இனி களைப்பு. இரத்தம் குறைந்தால் களைக்கும், அது உண்மை. ஆனால் மருந்து எலும்பு மச்சையை அடித்ததால் குறைந்த இரத்தம் ஈரல் தின்று ஏறாது. மச்சை எழும்ப எழும்ப அதுவாக ஏறும். இரும்புச் சத்துக் குறைந்திருந்தால்தான் ஈரலும் கீரையும் இரும்புக் குளிசையும் வேலை செய்யும். ஆகவே முதலில் இரத்தத்தைப் பாருங்கள். ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பு, கூடவே தைரொயிட். இத்தனையும் சரியாக இருந்தும் களைக்கிற ஆட்கள் நிறையப் பேர். அவர்கள் சோம்பேறிகள் இல்லை.

இந்தக் களைப்பின் குணமே படுத்தால் ஆறாது என்பதுதான். பகல் முழுக்கப் படுத்தால் இரவு நித்திரை போகும், தசை கரையும், அடுத்த நாள் இன்னும் களைக்கும். சேர் சொன்ன "கட்டில், வேறு பேச்சில்லை" அங்கேதான் பிழைக்கிறது. பகலில் அரை மணித்தியாலத்துக்குக் கிட்டப் படுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பின்னேரம் நடங்கள். முதலில் வீதி முனை வரை, பிறகு கொஞ்சம் கூட. களைத்த ஆளை நடக்கச் சொல்வது கொடுமை மாதிரித் தெரியும், ஆனால் இதற்கு நன்றாகச் சோதித்துப் பார்த்த வைத்தியங்களில் நடை முன்னுக்கு நிற்கிறது.

இன்னொன்று. நோய் திரும்பாமல் இருக்கத் தினமும் 20 மில்லிகிராம் தமொக்சிபென் குளிசை தந்திருக்கிறார்களா? அதைக் குடிப்பவர்களுக்கு இரவில் உடம்பு கொதித்து வியர்த்து விழிப்பு வரும். இரவில் நாலு தரம் எழும்பினால் பகலில் இடைவேளைக்குப் பிறகு கை விழத்தானே செய்யும்.

வழித்தால் அடர்த்தியாக வரும் என்பது சும்மா. வெட்டின நுனி மொட்டையாக இருப்பதால் தடவும்போது தடிப்பாகத் தெரியும். வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது, கத்திக்கு அங்கே என்ன வேலை? வெங்காயச் சாற்றைப் புதுத் தோலில் பூசி எரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முடி உதிர்ந்தவன்

எனக்கும் இதே அனுபவம்! டெங்கு வந்து சுகமாகி இரண்டு மூன்று மாதத்தால் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கழன்றது. சீப்பைப் பார்க்கவே பயம். பயோற்றின் மாத்திரை எடுத்தேன், நாலைந்து மாதத்தில் பழையபடி வந்துவிட்டது. டீச்சரும் அதை எடுக்கலாமே. மட்டக்களப்பு டவுனில் எல்லாப் பாமசியிலும் கிடைக்கும்.

நைட் டியூட்டி

தம்பி, உங்களுடையது வேறு. காய்ச்சலில் முடி ஒரேயடியாக ஓய்வுக்குப் போய், சில மாதத்தால் ஒன்றாக உதிர்ந்து, தானாகவே திரும்பும். மாத்திரை எடுக்காவிட்டாலும் வந்திருக்கும். டீச்சருக்கு நடந்தது, வேகமாகப் பிரிகிற கலம் எது என்று பார்த்து மருந்து அடித்தபோது முடி வேரும் அதில் மாட்டியது. அதனால்தான் முதல் மருந்து ஏறி இரண்டு மூன்று கிழமைக்குள் கொட்டும். கடைசி மருந்துக்குப் பிறகு ஒரு மாதம் அளவில் பூனை முடி வரும், இரண்டு மூன்று மாதத்தில் உண்மையான முடி. பிறகு மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட, எல்லாருக்கும் வளர்கிற மாதிரி. சாம்பல் நிறமும் சுருளும் வேர் திரும்ப வேலை தொடங்கும்போது நிறமும் வடிவமும் சரியாகப் பிடிபடாததால் வருவது. அனேகமானோருக்கு ஒரு வருஷத்துக்குள் பழைய முடிக்குக் கிட்ட வந்துவிடும், சிலருக்குச் சுருள் நிற்கும்.

பயோற்றின் எடுக்கிறவர்கள் தைரொயிட் இரத்தப் பரிசோதனைக்குப் போனால் முடிவு பிழையாக வரலாம். டீச்சருக்கு இப்போது பார்க்க வேண்டியதே அதுதான். எடுத்திருந்தால் இரத்தம் எடுக்கிற இடத்தில் சொல்லுங்கள், சில நாள் முன்னமே நிற்பாட்டச் சொல்வார்கள்.

முடி உதிர்ந்தவன்

ஓ, நான் தலைப்பை அரைகுறையாக வாசித்திருக்கிறேன். டீச்சர் சுகமாக இருங்கள்.

ஒரு பெற்றார்

திட்டு வாங்கத் தயாராகவே எழுதுகிறேன். அம்பாறை மாவட்டம். என் மகளின் புலமைப்பரிசில் வருஷத்தில் அவளுடைய டீச்சர் உங்களைப்போல் சிகிச்சை முடித்துத் திரும்பி வந்தா. நல்லவ, ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் கிழமையில் ஒரு நாளாவது வர மாட்டா. வந்தாலும் இடைவேளைக்குப் பிறகு பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருப்பார்கள், அவ இருப்பா. நாங்கள் நாலைந்து பேர் அதிபரிடம் போனோம். வேறு ஒன்றுமில்லை, இடைவேளைக்குப் பிறகு வருகிற பாடங்களுக்கு ஒரு உதவி டீச்சர் போடச் சொல்லித்தான். நாங்கள் கதைத்துவிட்டு வெளியே வர, அவ கதவுக்கு வெளியே இடாப்போடு நின்றா. கேட்டாவா இல்லையா தெரியாது. "மகள் இண்டைக்குப் பின்னக் கணக்கு நல்லாச் செஞ்சா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனா.

நாங்கள் கேட்டது நியாயம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். பிள்ளைக்கு அந்தச் சோதனை ஒரு தரம்தான் வரும்.

கல்முனை ராத்தா

கேட்டது நியாயம். கேட்கிற முறைதான் பிழை. நாலைந்து பேராகப் போகாமல் முதலில் அந்த டீச்சரிடம் போயிருக்கலாம். எனக்குத் தெரியும், அந்தப் பாடங்களுக்கு உதவி தருகிறோம் என்றால் அவதான் முதலில் கையெழுத்து வைப்பா. எங்களுக்கு லீவு முடிந்துவிடும் சகோதரர். வருஷத்து லீவு எல்லாம் சிகிச்சையிலேயே போய்விடும், பிறகு அரைச் சம்பளம், பிறகு சம்பளமே இல்லை. ஆள் முழுதாகச் சுகமாகியா வருகிறோம்?

ஒரு பெற்றார்

அந்த டீச்சர் வேண்டாம் என்று நாங்கள் கேட்கவே இல்லை. அதைத்தான் ஒருவரும் விளங்கிக்கொள்வதில்லை.

ஓய்வுபெற்ற கணக்கு சேர்

பெற்றார் பக்கமும் பார்க்க வேண்டும். அதிபர் அந்த டீச்சர் திரும்பி வருவதற்கு முன்னமே இரண்டாம் ஆளைப் போட்டிருக்க வேண்டும். அது நிர்வாகத்தின் வேலை, நோயாளியின் வேலையும் இல்லை, தகப்பன்மாரின் வேலையும் இல்லை. தாதி மகளிடம் ஒன்று: வழித்தல் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஈரலை விட மாட்டேன்.

தரம்நாலு டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. கிளினிக் போய் வந்தேன், அதனால்தான் பிந்தியது.

விரலையும் கையையும் பிரித்துச் சொல்லச் சொன்னீர்கள். சோக் பிடிக்கிற விரல் நுனி மரத்துத்தான் இருக்கிறது, ஆனால் அன்று விழுந்தது முழுக் கை. இரண்டையும் சொன்னேன், டொக்டர் இரண்டையும் எழுதினார். ஹீமோகுளோபின் 10.4, மருந்து முடிகிற நேரம் 9க்குக் கிட்ட இருந்தது, அதுவாக ஏறிக்கொண்டு வருகிறதாம். இரும்பு குறைவில்லை. தைரொயிட் சரி. இரவு வியர்வை பற்றிக் கேட்டார், ஓம், மூன்று நாலு தரம் எழும்புகிறேன். குளிசையை நிற்பாட்ட முடியாது, காற்றாடிக்குக் கீழே பருத்திச் சேலை விரித்துப் படுக்கச் சொன்னார். அடுத்த முறை அதற்கு வேறு ஏதும் தரலாமா என்று பார்ப்பாராம்.

கணிதம் முதலாம் பாடத்துக்கு வந்துவிட்டது. அதிபர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. திங்களும் செவ்வாயும் பரவாயில்லை, வியாழன் திரும்பவும் அதே கதை. பின்னேரம் களுவாஞ்சிகுடிக் கடற்கரையில் நடக்கிறேன், முதல் இரண்டு கிழமை அழுகைதான் வந்தது, இப்போது கொஞ்சம் பழகிவிட்டது. எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு இங்கேயும் பதில் இல்லை, அங்கேயும் இல்லை. சிலருக்கு ஒரு வருஷம் தாண்டியும் இருக்குமாம்.

பின் வாங்குப் பிள்ளை. அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய தாயைக் கூப்பிட்டுக் கதைத்தேன். அம்மம்மாவின் சாவைப் பற்றி வீட்டில் யாரும் அவளோடு கதைக்கவே இல்லையாம். மொட்டைத் தலை, முளைத்த முடி, பெட்டி, இந்த மூன்றையும் அவளே வரிசையில் வைத்திருக்கிறாள். தாய் அழுதா. "டீச்சர், உங்களுக்கு முடி நல்லா வருதெண்டு மகள் ஒவ்வொரு நாளும் வந்து சொல்றாள்" என்றா. அவள் அதைச் சந்தோஷத்தில் சொல்கிறாளா, அடுத்தது என்ன என்று எண்ணிக்கொண்டு சொல்கிறாளா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வகுப்புக்கு முழுதாகச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன், அதிபர் வேண்டாம் என்கிறார். இதில் அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

பின் கழுத்தில் மட்டும் முடி வேகமாக வளர்ந்து காதுக்குப் பின்னால் சுருண்டு நிற்கிறது. அம்மா வெட்ட விடமாட்டேன் என்கிறா.

சேர், ஈரல் விஷயம். நான் சைவம்.

ஓய்வுபெற்ற கணக்கு சேர்

அப்ப முருங்கைக்கீரையைக் கூட்டுங்கள்.